பெயரைப் பதிக்கும் காணொளியும் சேலையை விற்கும் காணொளியும்: காரைக்குடி நெசவுக் கூடங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் கண்டாங்கி நெசவுக் கூடத்தைப் பற்றி ஒரு நல்ல காணொளி எடுத்து, கடைசியில் விலையையும் தொலைபேசி எண்ணையும் போட்டுவிட்டால் போதாதா? பெயரைப் பதிக்க ஒன்று, விற்க ஒன்று என்று எதற்கு இரண்டு?

போதாது. காணொளி முடிந்ததும் பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களோ, அதை வைத்துத்தான் அதன் கதையும் நீளமும் அமைகின்றன. பிராண்ட் அறிமுகக் காணொளியைப் பார்த்தவர் உடனே எதையும் செய்ய வேண்டியதில்லை. மூன்று மாதம் கழித்து மகளுக்கு வளைகாப்பு வரும்போதோ, கோடைக்கு நாலு பருத்திச் சேலை எடுக்கலாம் என்று நினைக்கும்போதோ உங்கள் பெயர் அவர் மனத்தில் எழ வேண்டும், அவ்வளவுதான். நேரடி விற்பனைக் காணொளியைப் பார்ப்பவரோ ஏற்கெனவே சேலை வாங்கும் எண்ணத்தோடு இருப்பவர். அவர் கைபேசியைக் கீழே வைப்பதற்குள் ஒரு செய்தி அனுப்ப வேண்டும், அல்லது பணம் செலுத்த வேண்டும்.

இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். முதல் நாற்பது நொடிகள் தறியும் முற்றமும் இசையுமாகச் செல்கின்றன. வாங்க நினைப்பவர் விலை தெரியாமல் அதற்குள் விலகிவிடுகிறார். வாங்கும் எண்ணமே இல்லாமல் படத்தில் லயித்திருப்பவருக்கோ, திடீரென்று விலைப்பட்டியலும் ‘உடனே அழையுங்கள்’ என்ற குரலும் வந்ததும், இவ்வளவு நேரம் பார்த்தது வெறும் விளம்பரம்தானா என்ற சலிப்பு வருகிறது. ஒரே காணொளி இரண்டு பேரையும் இழக்கிறது.

அறிமுகக் காணொளிக்குத் திரைக்கதை எப்படி எழுத வேண்டும்? நெசவு, வரலாறு, புவிசார் குறியீடு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

எல்லாவற்றையும் சொன்னால் எதுவும் நிற்காது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. செட்டிநாட்டில் படமெடுக்கும் எல்லோரும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வெயில் இறங்கும் வளவு, அதன் நடுவே சேலை உடுத்திய ஒரு பெண் என்ற காட்சியைப் பத்து நிறுவனங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டன. பார்த்தவரிடம் மறுநாள் கேட்டால், “ஆமாம், செட்டிநாட்டு வீடு ஒன்று வந்தது, அழகாக இருந்தது” என்பார். எந்தக் கூடத்தின் சேலை என்பதைச் சொல்ல மாட்டார். அந்த வீடு உங்கள் பெயரை விழுங்கிவிடுகிறது.

‘கண்டாங்கி’ என்ற பெயருக்கும் இதே நிலைதான். காரைக்குடி கண்டாங்கி சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது இப்பகுதியில் முறைப்படி நெய்வோர் அனைவருக்கும் பொதுவான பெருமை. ஆகவே உங்கள் செலவில் எடுத்த காணொளி முழுக்கக் கண்டாங்கியின் சிறப்பை மட்டுமே பேசினால், அதைப் பார்த்து ஆசைப்பட்டவர் இணையத்தில் ‘கண்டாங்கி சேலை’ என்று தேடி, முதலில் கண்ணில் படும் வேறொரு கடையில் வாங்கிவிடுவார். ஊருக்கு நல்லதுதான், ஆனால் உங்கள் கணக்கில் வரவு இல்லை.

எனவே திரைக்கதையை எழுதத் தொடங்குமுன், உங்கள் கூடத்துக்கு மட்டுமே உரிய ஓர் அடையாளத்தையும், அதோடு கட்ட வேண்டிய ஒரே ஓர் எண்ணத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும். ஓர் உதாரணத்தை முழுதாகவே பார்ப்போம். உங்கள் கூடத்தில் ஒவ்வொரு சேலையையும் மடித்து அரக்கு நிற நூலால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடும் வழக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவே அடையாளம். சொல்ல வேண்டிய எண்ணம், ‘வெயில் நாளில் காலையில் உடுத்தியது மாலைவரை அப்படியே நிற்கும் பருத்தி’ என்பது.

திரை இருட்டாக இருக்கும்போதே தறியின் ஒலி கேட்கிறது. மூன்றாவது நொடியில் ஒரு கை அரக்கு நூல் முடிச்சை அவிழ்க்கிறது. கடுகு மஞ்சள் உடலும் அகலமான அரக்குக் கரையும் கொண்ட கட்டம் போட்ட சேலை விரிகிறது. அதை உடுத்திய ஓர் ஆசிரியை, நெருக்கியடிக்கும் நகரப் பேருந்தில் நிற்கிறார். வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறார். நண்பகல் வெயிலில் மைதானத்தைக் கடக்கிறார். அவர் முந்தியைச் சரிசெய்யும் ஒவ்வொரு முறையும், பின்னணியில் இருக்கும் மற்ற ஒலிகள் அடங்கி, தறியின் ஒலி ஒரே ஒருமுறை கேட்கிறது. மாலை நான்கு மணிக்கு ஆசிரியர் அறையில் வயதில் இளைய சக ஆசிரியை, “என்னக்கா, காலைல கட்டுன மாதிரியே இருக்கு?” என்கிறார். இவர் சிரித்துக்கொண்டே உங்கள் கூடத்தின் பெயரை மட்டும் சொல்கிறார். வீடு திரும்பியபின் சேலை மடிக்கப்பட்டு, அதே நூலால் மீண்டும் முடிச்சிடப்படுகிறது. பெயர், கீழே ‘காரைக்குடி’.

இதில் நெசவாளர் ஒருமுறைகூட முழுதாகத் திரையில் வரவில்லை என்பதையும், தூண் வைத்த வீடு ஒன்றுகூட இல்லை என்பதையும் கவனியுங்கள். உரையாடல் இரண்டே வரி. குரல்வழி விளக்கம் இல்லை. பாவு எத்தனை இழை, நூல் எத்தனையாம் எண் என்ற செய்திகளுக்கு உங்கள் இணையதளத்தில் இடம் உண்டு. இங்கே அவை வந்தால் பார்ப்பவரின் மனத்தில் தறியொலிக்கும் முடிச்சுக்கும் இருக்கும் இடத்தைப் பறித்துக்கொள்ளும்.

அடையாளம் பதிந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கடைசிப் பெயர்ப் பலகையை மட்டும் வெட்டிவிட்டு, காணொளியை உங்கள் தொழிலோடு தொடர்பில்லாத ஐந்தாறு பேரிடம் காட்டுங்கள். மறுநாள், “அது எந்தக் கடையுடைய படம்?” என்று கேளுங்கள். “ஏதோ செட்டிநாட்டுச் சேலைக்கடை” என்ற விடை வந்தால் திரைக்கதையைத் திருத்த வேண்டும். பெயரை நடுவிலேயே கேட்டு, முடிச்சையும் சேர்த்து நினைவுகூர்ந்தால் போதுமானது.

விற்பனைக் காணொளியின் திரைக்கதையில் கதையே கூடாதா?

கதை இருக்கலாம், ஆனால் அது வாங்குபவரின் தயக்கத்தைச் சுற்றியே நகர வேண்டும். திரைக்கதை ஆசிரியரைத் தேடுவதற்கு முன், உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடந்த சில மாதங்களில் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்பும் முன் என்னென்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பருத்திச் சேலைக்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே கேள்விகள்தாம் வரும்: சாயம் போகுமா, துவைத்தால் சுருங்குமா, ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா, நேரில் இதே நிறம்தானா, அனுப்பும் கட்டணம் தனியா. அடிக்கடி வந்த கேள்வியே உங்கள் முதல் காட்சி.

மேலே சொன்ன அதே மஞ்சள் சேலைக்கு விற்பனைக் காணொளி இப்படித் தொடங்கலாம். முதல் நொடியிலேயே ஒரு வாளித் தண்ணீர். அதற்குள் அரக்குக் கரைச் சேலையும் ஒரு வெள்ளைத் துண்டும் அமுக்கப்படுகின்றன. குரல் சொல்கிறது:

“சாயம் போகுமான்னு எல்லோரும் கேக்குறீங்க. நீங்களே பாருங்க. முதல் அலசல்ல கரையிலேர்ந்து லேசா நிறம் இறங்கும், அதனால முதல் ரெண்டு தடவை தனியா அலசுங்க. அதுக்கப்புறம் பயமில்லை. அஞ்சரை மீட்டர் சேலை, ரவிக்கைத் துணி தனியா எண்பது சென்டிமீட்டர். விலை ஆயிரத்து அறுநூத்தம்பது, தமிழ்நாட்டுக்குள்ள அனுப்புற செலவும் இதுலயே அடக்கம். இப்ப கையிலே இருக்குறது இந்த மூணு நிறம்தான். வேணுங்கிற நிறத்தோட பேரை வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க. வெயில்ல எடுத்த படம் அனுப்புறோம், பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

விலையும் அளவும் உதாரணத்துக்குச் சொன்னவை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது வரிசை. தயக்கம் முதலில் வருகிறது, அதற்கான கண்கூடான விடை உடனே தொடர்கிறது, பிறகு பொருளின் அளவு, விலை, கையிருப்பு, கடைசியாகச் செய்ய வேண்டிய ஒரு செயல். நெசவின் பெருமை பேசும் வரி ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் இந்த நிலையில் இருப்பவருக்குக் கண்டாங்கி நல்லது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ‘இந்தக் கடையை நம்பிப் பணம் போடலாமா’ என்பது மட்டுமே அவர் கேள்வி.

நிறம் இறங்கும் என்பதை ஒளிக்காமல் சொல்வது சிலருக்குத் தயக்கமாக இருக்கும். இறங்காது என்று சொல்லி விற்றால், சேலை திரும்பி வரும். அனுப்பிய செலவும் வாங்கிய செலவும் உங்கள் தலையில் விழும். உங்கள் சேலையை நீங்களே வாளியில் போட்டுப் பார்த்து, உண்மையில் என்ன நடக்கிறதோ அதையே எழுதுங்கள். சிறிதும் இறங்காவிட்டால் அந்த வரியையே எடுத்துவிடலாம். தண்ணீர் சிவந்து, வெள்ளைத் துண்டும் நிறம் மாறினால், சரிசெய்ய வேண்டியது காணொளியை அல்ல, சாயப்பட்டறையை.

பேச்சுமொழி இங்கே பொருந்துகிறது. விலையும் அளவும் தூய எழுத்துத் தமிழில் வந்தால் செய்தி வாசிப்பதுபோல் ஒலிக்கும், வாங்குபவர் விலகி நிற்பார். கடையில் நிற்பவர் பேசும் மொழியிலேயே பேசட்டும்.

ஒவ்வொன்றும் எத்தனை நொடி இருக்க வேண்டும்?

நீளத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்குள் கதையை அடைப்பது தலைகீழான வேலை. இருந்தாலும் காணொளி ஓடப்போகும் இடம் சில எல்லைகளை விதிக்கிறது, அவற்றை அறிந்திருக்க வேண்டும்.

யூடியூபில் பிற காணொளிகளுக்கு முன் வரும் தாண்டக்கூடிய விளம்பரத்தை ஐந்து நொடிக்குப் பிறகு பார்ப்பவர் தாண்டிவிடலாம். பார்வைக்கு இவ்வளவு என்ற கட்டண முறையில், முப்பது நொடி பார்த்தாலோ, காணொளி அதைவிடச் சிறியதாயின் முழுதும் பார்த்தாலோ, இடையில் அதைத் தொட்டாலோதான் உங்களிடம் பணம் வசூலிக்கப்படுகிறது. இதன் பொருள் என்னவென்றால், முதல் ஐந்து நொடி யாருக்கும் இலவசமாகக் காட்டப்படுகிறது. தாண்டிப் போகிறவருக்கும் ஏதாவது ஒன்று பதிய வேண்டும். நம் அறிமுகக் காணொளியில் தறியொலியும் முடிச்சும் அதற்குள் வந்துவிடுவது தற்செயலன்று. பெயரும் ஐந்து நொடிக்குள் ஒரு மூலையில் சிறிதாகத் தெரியட்டும். ‘பெயரைக் கடைசிவரை மறைத்து வைத்தால் ஆவல் கூடும்’ என்று படமெடுப்பவர் சொல்வார். திரையரங்குக்கு அது பொருந்தலாம், கைபேசிக்குப் பொருந்தாது.

ஆசிரியை வரும் கதை நாற்பது முதல் ஐம்பது நொடிவரை தாங்கும். அதிலிருந்தே, முடிச்சு அவிழ்வதும் சேலை விரிவதும் பெயரும் மட்டும் கொண்ட ஆறு நொடித் துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். யூடியூபில் தாண்ட முடியாத ஆறு நொடி விளம்பர வகை உண்டு. முழுக்கதையை ஒருமுறை பார்த்தவருக்கு இந்தத் துண்டு நினைவூட்டும் வேலையை மலிவாகச் செய்யும். முழுக்கதையைப் பார்க்காதவருக்கு இது தனியாக அதிகம் பயன்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விற்பனைக் காணொளியில் நீளத்தைக் கூட்டுவது தயக்கங்களின் எண்ணிக்கை. நிதானமாகத் தமிழ் பேசுபவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சொற்கள் சொல்கிறார். கடைக்காரர் பேசும் வேகத்தில் கொஞ்சம் கூடும். மேலே உள்ள குரல் வரிகள் அந்தக் கணக்கில் ஏறக்குறைய முப்பது நொடிக்குள் அடங்கும். இன்னொரு தயக்கத்தையும் தீர்க்க வேண்டுமானால் பத்து நொடி கூட்டலாம். ஆனால் நான்காவது தயக்கத்தையும் சேர்ப்பதைவிட, அதை வைத்தே இரண்டாவது விற்பனைக் காணொளி ஒன்றைச் செய்வது நல்லது. ஒன்று சாயத்தைப் பற்றியும் மற்றொன்று நிறத்தைப் பற்றியும் பேசட்டும். எது அதிகச் செய்திகளைக் கொண்டுவருகிறதோ அதைத் தொடர்ந்து ஓட்டலாம்.

நீளமான விற்பனைக் காணொளி தோற்கும் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டுச் சேலையை நேரலையில் ஒரு மணி நேரம் காட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே பார்ப்பவர் தானாக வந்து அமர்ந்தவர். வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தவரை நடுவில் நிறுத்தும் விளம்பரத்துக்குத்தான் நொடிக்கணக்கு கறாரானது.

முடிவில் என்ன காட்ட வேண்டும்?

இரண்டு வகைகளும் மிகத் தெளிவாகப் பிரியும் இடம் இதுதான், தவறுகள் அதிகம் நேரும் இடமும் இதுதான்.

அறிமுகக் காணொளியின் முடிவில் பெயர், அடையாளம், ஊர் ஆகிய மூன்றும் போதும். நம் உதாரணத்தில் நூல் முடிச்சு இறுகும் காட்சியிலேயே பெயர் எழட்டும். முடிச்சு முடிந்து, திரை வெள்ளையாகி, பிறகு பெயர் வந்தால் இரண்டும் தனித்தனி நினைவுகளாகப் பிரிந்துவிடும். மூன்று நொடி அசையாமல் நிற்கட்டும். தொலைபேசி எண், மூன்று கிளைகளின் முகவரி, நான்கு சமூக வலைத்தளக் குறிகள், ‘எங்களிடம் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்’ என்ற வரி ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லி வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். செலவழித்தவருக்கு அந்த ஆசை இயல்பே. அவற்றை யூடியூபில் காணொளிக்குக் கீழே உள்ள விவரப் பகுதியில் எழுதிவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

விற்பனைக் காணொளியின் முடிவில் ஒரே ஒரு செயல் இருக்க வேண்டும். ‘அழையுங்கள், அல்லது வாட்ஸ்அப் செய்யுங்கள், அல்லது இணையதளம் வாருங்கள், அல்லது கடைக்கு நேரில் வாருங்கள்’ என்று நான்கு வழி காட்டினால், பார்ப்பவர் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போடுகிறார். அவர் செய்ய வேண்டிய செயல் சிறியதாகவும் அச்சமற்றதாகவும் இருக்கட்டும். நம் வரிகளில் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லே இல்லை. நிறத்தின் பெயரை எழுதச் சொல்கிறோம், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வெயிலில் எடுத்த படம் வரும் என்று தெரிந்தவர், செய்தி அனுப்பினால் விடாமல் அழைத்துத் தொந்தரவு செய்வார்களோ என்று அஞ்ச மாட்டார்.

எண்ணைத் திரையில் போடும் இடத்தையும் பாருங்கள். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் கணக்கின் பெயர், விளக்க வரி, பொத்தான் ஆகியவை திரையின் கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மறைக்கின்றன. கணினியில் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்த எண், கைபேசியில் எழுத்துகளுக்கு அடியில் போய்விடும். எண்ணையும் நிறங்களின் பெயர்களையும் திரையின் நடுவே வையுங்கள். பலர் ஒலியை அணைத்துவிட்டே பார்ப்பதால், விலையும் செயலும் எழுத்திலும் வர வேண்டும்.

யூடியூபில் கணக்கின் சொந்தக் காணொளியாக ஏற்றும்போது கடைசியில் வேறு காணொளிக்கு வழிகாட்டும் இறுதித் திரையைச் சேர்க்கலாம். அதற்குக் காணொளி குறைந்தது 25 நொடி இருக்க வேண்டும். இறுதித் திரை 5 முதல் 20 நொடிவரை ஓடலாம். ஆகவே அந்த இடத்துக்கென்று தனியே ஐந்து நொடி அமைதியான காட்சியை, அதாவது மடித்த சேலைகள் அசையாமல் இருப்பதை, எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அறிமுகக் காணொளியின் இறுதித் திரையிலிருந்து விற்பனைக் காணொளிக்கு வழி காட்டுவது சரி. விரும்பியவர் போவார், மற்றவரின் நினைவைக் கலைக்காது.

அறிமுகக் காணொளியில் விலையைச் சொல்லவே கூடாதா?

மலிவு என்பதுதான் உங்கள் அடையாளம் என்றால் சொல்லலாம். மற்றபடி வேண்டாம். விலை மாறும், காணொளி இரண்டு மூன்று ஆண்டு ஓடும்.

இரண்டுக்கும் தனித்தனியாகப் படப்பிடிப்பு வைத்தால் செலவு கட்டாது. ஒரே நாளில் எடுக்க முடியுமா?

எடுக்கலாம், ஆனால் இரண்டு திரைக்கதைகளும் முன்பே எழுதி முடிந்திருக்க வேண்டும். அறிமுகக் காணொளிக்கு எடுத்த காட்சிகளை வைத்து விற்பனைக் காணொளியைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், வெட்டும்போது வாளியும் இருக்காது, ரவிக்கைத் துணியை அளக்கும் காட்சியும் இருக்காது.

ஒளியில்தான் பெரிய வேறுபாடு. ஆசிரியை கதைக்குக் காலை ஏழு மணியின் சாய்ந்த மஞ்சள் ஒளி அழகு. அதே ஒளியில் சேலையை விற்பனைக்குக் காட்டினால் கடுகு மஞ்சள் ஆரஞ்சாகத் தெரியும், ‘படத்தில் பார்த்த நிறம் இல்லை’ என்று சேலை திரும்பி வரும். விற்பனைக் காட்சிகளை வெயில் நேரடியாக விழாத முகப்பிலோ திண்ணையிலோ, பத்து மணிக்கு மேல், வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுங்கள். நிறத்தை அழகாக்கும் வடிகட்டி எதையும் போடாதீர்கள். கதையை அகலவாக்கிலும் விற்பனைக் காட்சிகளை நெட்டுவாக்கிலும் எடுப்பது வசதி. அகலமாக எடுத்ததை நெட்டுவாக்கில் வெட்டினால் கரையோ முந்தியோ வெளியே போய்விடும், சேலைக்கு அவை இரண்டும்தானே முகம்.

தறியின் ஒலியைப் படக்கருவியின் ஒலிவாங்கியில் பதியாமல், தனியாக, வேறு தறி எதுவும் ஓடாத வேளையில் சில நிமிடம் பதியுங்கள். மிதியின் ஓசையும் நாடா ஓடும் ஓசையும் பிரிந்து கேட்க வேண்டும்.

எந்தக் காணொளியை முதலில் ஓட்டுவது? பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்?

பணம் குறைவென்றால் விற்பனைக் காணொளியை முதலில், ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்களுக்கும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் ஓட்டுங்கள். அவர்களுக்குப் பெயர் தெரியும். அதில் வரும் பணத்தில் ஒரு பங்கை அறிமுகக் காணொளிக்கு ஒதுக்கலாம். பெயரே தெரியாத சென்னை, கோவை வாடிக்கையாளருக்கு நேராக விற்பனைக் காணொளியைக் காட்டினால், கேள்விகள் வரும், பணம் வராது. அவர்களுக்கு முதலில் கதை, பிறகு விற்பனை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பர மேலாளரில், ஒரு காணொளியைப் பாதிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் தனிக் குழுவாக்கி, அவர்களுக்கே அடுத்த காணொளியைக் காட்டும் வசதி இருக்கிறது. ஆசிரியை கதையைப் பாதிக்கு மேல் பார்த்தவர்களுக்கு வாளிக் காணொளி போகட்டும்.

விற்பனைக் காணொளியின் பலனை எண்ணுவது எளிது. ஒவ்வொரு காணொளிக்கும் வெவ்வேறு முன்செய்தியோடு வாட்ஸ்அப் இணைப்பு கொடுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=K1
https://wa.me/91XXXXXXXXXX?text=K2
```

இணைப்பைத் தொட்டு அனுப்பும் செய்தியிலேயே K1 என்றோ K2 என்றோ இருக்கும். எத்தனை செய்தி வந்தது, அதில் எத்தனை பேர் பணம் செலுத்தினார்கள் என்ற இரண்டையும் எழுதிவையுங்கள். செய்தி நிறைய, விற்பனை குறைவு என்றால் காணொளி விலையைச் சரியாகச் சொல்லவில்லை, அல்லது உங்கள் பதில் தாமதமாகிறது. இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பியவருக்கு மறுநாள் நண்பகலில் விடை போனால் அந்த ஆசை ஆறிப்போயிருக்கும். பதில் சொல்ல ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் விளம்பரத்தை ஓட்டுங்கள்.

அறிமுகக் காணொளியை இந்த அளவுகோலால் அளந்தால் அநியாயமாகத் தோற்கும். அதற்கு உரிய அளவுகோல் மெதுவானது: கூடத்தின் பெயரைச் சொல்லியே தேடுபவர்களின் எண்ணிக்கை கூடுகிறதா என்று, எந்தச் சொற்களைத் தேடும்போது உங்கள் இணையதளம் கூகுளில் தெரிகிறது என்பதைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் மாதாமாதம் பாருங்கள், கடைக்கு வரும் புதியவரிடம், “எங்களைப் பத்தி எங்கே கேள்விப்பட்டீங்க, ஆச்சி?” என்று கேட்டுக் கல்லாவில் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். எத்தனையாவது நொடியில் விலகுகிறார்கள் என்ற வரைபடம் அதைவிட உண்மை பேசும். பெயர் ஒலிக்கும் ஆசிரியர் அறைக் காட்சிக்கு முன்பே பாதிப் பேர் போய்விட்டால், அந்தக் காட்சியை முன்னால் கொண்டுவர வேண்டும்.

எங்களுடையது ஆத்தங்குடிக் கல் பட்டறை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் செய்கிறோம். எங்களுக்கும் இதே கணக்குத்தானா?

அறிமுகக் காணொளிக்கு ஏறக்குறைய இதேதான். விற்பனைக் காணொளிக்கு முடிவு மாறும். வீடு கட்டுபவர் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ தரைக்கல் வாங்குகிறார், அதுவும் கட்டடக் கலைஞர், கொத்தனார், வீட்டார் என்று பலர் கூடி முடிவுசெய்கிறார்கள். முப்பது நொடியில் பணம் போட யாரும் முன்வர மாட்டார்கள். அங்கே கேட்கக்கூடிய சிறிய செயல், ‘அறையின் நீள அகலத்தையும் பிடித்த வடிவத்தின் எண்ணையும் அனுப்புங்கள், எத்தனை கல் வேண்டும், என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுத் தருகிறோம்’ என்பது. அதைச் சொல்லும் விற்பனைக் காணொளி ஒன்றரை நிமிடம் போனாலும் பாதகமில்லை, ஏனென்றால் பதித்தபின் மெருகேற எவ்வளவு காலம் ஆகும், அமிலம் கலந்த தரைத் துடைப்பானைப் பயன்படுத்தலாமா, கல்லுக்குக் கல் நிறம் சிறிது மாறுமா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். கடைசிக் கேள்விக்கு, மாறும், கையால் செய்வது அப்படித்தான் என்று, பக்கத்தில் இரண்டு கற்களை வைத்துக் காட்டிவிடுங்கள்.

எடுத்த காணொளியை எவ்வளவு காலம் ஓட்டலாம்?

விற்பனைக் காணொளி அதில் காட்டிய கையிருப்பு தீரும்வரைதான். மூன்று நிறம் என்று சொன்னதில் ஒன்று முடிந்துவிட்டால் அன்றே விளம்பரத்தை நிறுத்தி, குரலின் அந்த ஒரு வரியை மாற்றிப் பதிந்து மீண்டும் ஏற்றுங்கள். இதற்காகவே நிறங்களைச் சொல்லும் வரியைத் தனிக் காட்சியாக வைத்திருப்பது நல்லது. ‘தீபாவளிவரை மட்டும்’ என்று சொன்ன காணொளி கார்த்திகையிலும் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் கடைசி நாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

அறிமுகக் காணொளியை முதலாளிக்குச் சலித்துவிட்டது என்பதற்காக மாற்ற வேண்டாம். அவர் அதை நூறுமுறை பார்த்திருப்பார். வாடிக்கையாளர் இன்னும் இரண்டாவது முறைகூடப் பார்த்திருக்க மாட்டார். கதை மாறினாலும் தறியொலியையும் அரக்கு முடிச்சையும் அடுத்த காணொளிக்கும் அப்படியே கொண்டுபோங்கள்.